பதினான்கு பக்கத்துக்கு மேலே மூன்று வாக்கியம்

கேள்வி: வணக்கம் ஐயா. இணையவழி விற்பனை நிறுவனம் ஒன்றில் சர்வர் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். மார்ச் 12 அன்று எங்கள் தளத்தில் பணம் செலுத்தும் பகுதி பழுதானது. அதைப் பற்றி 14 பக்கத்துக்கு அறிக்கை எழுதினேன். “மேலே இரண்டு மூன்று வாக்கியத்தில் சுருக்கம் இருக்க வேண்டும். இப்போது இருப்பதைப் படித்தால் ஒன்றும் பிடிபடவில்லை” என்று மேலாளர் திருப்பி அனுப்பிவிட்டார். நான் எழுதியிருந்த சுருக்கம் இது:

“மார்ச் 12 அன்று 14:05 மணிக்கு வெளியிடப்பட்ட புதிய பதிப்பில், பணம் செலுத்துதல் தோல்வியடையும் தருணங்களில் தரவுத்தள இணைப்பை மூடாத குறை இருந்த காரணத்தால், இணைப்புகள் படிப்படியாகப் பெருகி, PostgreSQL தரவுத்தளத்தின் max_connections வரம்பான 100ஐ எட்டி, புதிய இணைப்புகள் மறுக்கப்பட்டு, சில பயனர்களுக்குத் தற்காலிகச் சிரமம் ஏற்பட்டது. 14:52க்குப் பிரச்சினை கண்டறியப்பட்டு, 15:10க்குச் சர்வர்கள் மறுதொடக்கம் செய்யப்பட்டு, மீண்டும் பிரச்சினை எழுந்ததால் 15:50க்குப் பழைய பதிப்புக்குத் திரும்பி, 15:56க்குச் சேவை சீரடைந்தது. எதிர்காலத்தில் இத்தகைய சம்பவங்கள் நிகழாதிருக்க உரிய நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன.”

மூன்று வாக்கியம்தான், தகவலும் சரிதான். இதில் எதை எடுப்பது, எதை வைப்பது? முழு அறிக்கையையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அறிக்கையை முழுவதும் படித்தேன். உடல்பகுதி நன்றாக இருக்கிறது. நேர வரிசை துல்லியமாக இருக்கிறது, ஊகத்தையும் உறுதியானதையும் பிரித்திருக்கிறீர்கள். சுருக்கத்திலும் பொய் எதுவும் இல்லை. ஆனால் சம்பவம் எந்த வரிசையில் நடந்ததோ அதே வரிசையில் சுருக்கத்தையும் எழுதிவிட்டீர்கள். முதலில் வெளியீடு, அப்புறம் இணைப்புகள், அப்புறம் வரம்பு, அப்புறம் மறுப்பு, எல்லாம் முடிந்து கடைசியில் வாடிக்கையாளர். உங்களைப் போன்ற பொறியாளர் படிக்கும் உடல்பகுதிக்கு அந்த வரிசை பொருந்தும். மேலே மட்டும் படித்துவிட்டு மூடப்போகிறவர் யாரென்று பாருங்கள்: கணக்குப் பிரிவுத் தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் போன் எடுப்பவர்களின் மேற்பார்வையாளர், உங்கள் மேலாளரின் மேலாளர். “யாருக்கு என்ன ஆயிற்று, இன்னும் நடக்கிறதா, நான் ஏதாவது செய்ய வேண்டுமா” என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இவர்கள். அவர்களை max_connections வழியாகச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள்.

தமிழில் எழுதும்போது இந்தக் கோளாறு இரட்டிப்பாகிறது. நமக்கு வினைமுற்று கடைசியில்தான் வரும். “பெருகி, எட்டி, மறுக்கப்பட்டு” என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால், வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாக்கியத்தின் வால்வரை வர வேண்டியிருக்கிறது. அங்கே அவருக்குக் கிடைப்பது “சில பயனர்களுக்குத் தற்காலிகச் சிரமம்”. சுருக்கத்தில் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு எச்சத்துக்கு மேல் வந்தாலே நான் நிறுத்தி, எது முதன்மையான செய்தி என்று பார்ப்பேன்.

அந்த “சிரமம்” எனக்கு ஒவ்வாத சொல். சேவை நின்றுபோனதைச் சிரமம் என்று எழுதும் பழக்கம் எங்கிருந்தோ வந்து எல்லா அறிக்கைகளிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. “சில” என்பதும் அப்படித்தான். உங்கள் அறிக்கையின் ஒன்பதாம் பக்க அட்டவணையில் 1,530 முறை பணம் செலுத்தும் முயற்சி தோற்றது என்று இருக்கிறது. அதற்குக் கீழேயே, அந்த முயற்சிகளைச் செய்தவர்கள் 640 பேர் என்றும் இருக்கிறது. பதினோராம் பக்கத்தில், அதுவும் ஓர் அடைப்புக்குறிக்குள், அவர்களில் 212 பேரிடம் பணம் பிடிக்கப்பட்டும் ஆர்டர் பதிவாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைய நாளின் மிகப் பெரிய செய்தி இந்த 212. அது சுருக்கத்தில் இல்லவே இல்லை.

ஆகவே முதல் வாக்கியத்தை அங்கிருந்து தொடங்குவோம். மூன்று எண்களில் எது உள்ளே வர வேண்டும்? 1,530 வேண்டாம். சர்வர் லாக் கோரிக்கைகளை எண்ணுகிறது, ஆட்களை எண்ணுவதில்லை. பணம் போகவில்லை என்றால் யாரும் இரண்டாவது முறை அழுத்திப் பார்ப்பார்கள். ஒருவரே ஐந்து முறை முயன்றிருப்பார். முயற்சி எண்ணை மட்டும் போட்டால் படிப்பவர் அதை மனிதர்களின் எண்ணிக்கையாக எடுத்துக்கொண்டு, இரண்டு மடங்குக்கும் மேலான பாதிப்பைக் கற்பனை செய்துகொள்வார். 640 என்பது பாதிப்பின் அகலம், 212 என்பது ஆழம். இரண்டும் இருக்கட்டும். பணம் போன 212 பேர் 640க்குள் அடங்கியவர்கள் என்பதும் வாக்கியத்திலேயே தெரிய வேண்டும், இல்லையென்றால் யாராவது கூட்டி 852 என்று மேலே அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது நேரம். நீங்கள் ஐந்து கடிகார நேரங்களைக் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைச் சொல்லவில்லை. படிப்பவர் கழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கழிக்க முனைந்தால் எதிலிருந்து எதைக் கழிப்பார்? வெளியீடு நடந்த 14:05 முதல் என்றால் 111 நிமிடம். நீங்கள் கண்டறிந்த 14:52 முதல் என்றால் 64 நிமிடம். ஆனால் உடல்பகுதியில், முதல் கோரிக்கை மறுக்கப்பட்டது 14:38 என்று லாக் சான்றோடு எழுதியிருக்கிறீர்கள். வாடிக்கையாளருக்குப் பழுது தொடங்கியது அப்போதுதான். 14:38 முதல் 15:56 வரை 78 நிமிடம். சுருக்கத்தில் நிற்க வேண்டியது இந்த எண்தான். சொல்லப்போனால், சுருக்கத்தில் 14:38 இடம்பெறாததே எனக்குப் பெரிய வியப்பு. கண்டறிந்த நேரத்திலிருந்து எண்ணுவது பலர் அறியாமலே செய்வது. நாம் கவனிக்காமல் இருந்த 14 நிமிடம் அதில் கணக்கிலிருந்து மறைந்துவிடும். இடையில், மறுதொடக்கத்துக்குப் பிறகு 15:10 முதல் 15:25 வரை சேவை ஓடியதே, அதைக் கழிக்க வேண்டாமா என்று உங்கள் அணியில் யாராவது கேட்கக்கூடும். வேண்டாம். அந்தக் கால் மணி நேரத்தைக் கழித்து 63 என்று எழுதினால், சரியாகிவிட்டது என்று நம்பி மறுபடி முயன்று மறுபடி தோற்றவர்களுக்கு அது விளங்காது. முதல் தோல்வியிலிருந்து கடைசித் தோல்வி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியை உடல்பகுதி சொல்லட்டும்.

அதோடு, 24 மணி நேரக் கணக்கை உடல்பகுதிக்கு விட்டுவிட்டு, மேலே பிற்பகல் 2:38 என்று எழுதலாம். வேறு நேர மண்டலங்களில் அலுவலகம் இருந்தால் எந்த மண்டலம் என்பதையும் ஒரு சொல்லில் சேர்த்துவிடுங்கள்.

இனிக் காரணம். ஒரே வாக்கியம்தான் அதற்கு உண்டு, எனவே சங்கிலியில் எந்தக் கண்ணியைத் தேர்ந்தெடுப்பது என்பதே கேள்வி. உங்கள் சங்கிலியில் குறைந்தது நான்கு இருக்கின்றன: இணைப்பை மூடாத நிரல், 100 என்ற வரம்பு, இணைப்பு எண்ணிக்கையைக் கண்காணிக்காதது, அப்புறம் மறுதொடக்கம் போதும் என்று நினைத்தது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, “இதை மட்டும் மாற்றியிருந்தால் பழுது வந்திருக்காதா” என்று கேட்டுப் பாருங்கள். வரம்பு 100 என்பது PostgreSQLஇல் யாரும் மாற்றாவிட்டால் இருக்கும் அளவு. அதை 500 ஆக்கியிருந்தால்? மூடாத இணைப்புகள் சேர்ந்துகொண்டேதான் போயிருக்கும். 2:38க்குப் பதில் மாலையில் நின்றிருக்கும். ஆகவே வரம்பு பழுது வந்த நேரத்தை முடிவு செய்தது, பழுதை உண்டாக்கவில்லை. கண்காணிப்பு இருந்திருந்தால்? முன்கூட்டியே தெரிந்திருக்கும், ஒருவேளை 78 நிமிடம் பத்தாகக் குறைந்திருக்கும். அதுவும் நீளத்தைத்தான் விளக்குகிறது. மறுதொடக்கமும் அப்படியே: பிடித்துவைத்திருந்த இணைப்புகளை அது விடுவித்தது, குறையுள்ள நிரல் மறுபடி பிடித்துக்கொண்டது. மூடாத நிரலை மட்டும் எடுத்துவிட்டால் மற்ற மூன்றும் இருந்தும் அன்று ஒன்றும் நடந்திருக்காது. இரண்டாவது வாக்கியத்துக்கு உரியது அதுதான்.

எழுதும்போது தொழிற்சொற்களைக் கழற்றிவிடுங்கள். max_connections என்ற பெயர், PostgreSQL என்ற பெயர் இரண்டும் மேலே தேவையில்லை. லாக்கில் வந்த வரியை அப்படியே சுருக்கத்தில் ஒட்டுகிறவர்களும் உண்டு. நீங்கள் அதைச் செய்யவில்லை, நல்லது. அந்த வரி இது:

```
FATAL:  sorry, too many clients already
```

இதற்கு இடம் உடல்பகுதியின் முதல் பத்தி. ஆறு மாதம் கழித்து இதே வரியைப் பார்க்கும் வேறொருவர் தேடினால் உங்கள் அறிக்கை அகப்பட வேண்டும், அதற்காக எழுத்து மாறாமல் அங்கே இருக்க வேண்டும். சுருக்கத்தில், “தரவுத்தளத்துடனான இணைப்புகளை வேலை முடிந்தும் மூடாமல் விட்டது” என்றாலே கணக்குப் பிரிவுத் தலைவருக்கும் புரிகிறது, பொறியாளருக்கும் குறை எங்கே என்று தெரிந்துவிடுகிறது.

“மனிதப் பிழை” என்று காரணத்தை எழுதாமல் இருந்ததற்கும், வெளியீட்டைச் செய்தவரின் பெயரைப் போடாததற்கும் உங்களைப் பாராட்ட வேண்டியதில்லை, அது அடிப்படை. ஆனால் அதற்குப் பயந்து எல்லாவற்றையும் “செய்யப்பட்டு, கண்டறியப்பட்டு, எடுக்கப்பட்டு” என்று செயப்பாட்டு வினையில் எழுத வேண்டியதுமில்லை. எழுவாயாக ஆளை வைக்கத் தயக்கமாக இருந்தால் பொருளை வைக்கலாம்: “புதிய பதிப்பு இணைப்புகளை மூடாமல் விட்டது.” யாரையும் குற்றம் சொல்லவில்லை, எது செய்தது என்பதும் மறையவில்லை.

மூன்றாவது வாக்கியம்தான் உங்கள் சுருக்கத்தில் முற்றிலும் வெற்று. “உரிய நடவடிக்கைகள் எடுக்கப்பட்டு வருகின்றன” என்பதை எந்த அறிக்கையின் அடியிலும் ஒட்டலாம். எதிலும் ஒட்டக்கூடியது இதில் எதையும் சொல்லவில்லை. இந்த இடத்தில் வர வேண்டியது, அறிக்கை எழுதும் நாளில் இன்னும் முடியாமல் இருப்பது. அதைத் தேடித்தான் உங்கள் 14 பக்கத்தையும் இரண்டாம் முறை புரட்டினேன். அந்த 212 பேருக்குப் பணம் திரும்பியதா? எங்கேயும் இல்லை. சுருக்கம் எழுத உட்காரும்போது இப்படி ஓட்டை தெரிவது வழக்கம். நீண்ட அறிக்கையில் ஒரு விஷயம் இல்லாதது கண்ணில் படாது, மூன்று வாக்கியத்தில் உடனே படும். நான் கேட்டனுப்பியதற்கு, 180 பேருக்குத் திரும்பிவிட்டது, 32 பேருக்கு வங்கியின் உறுதி இன்னும் வரவில்லை என்று பதில் எழுதினீர்கள். அதை முதலில் உடல்பகுதியில் சேருங்கள், பிறகு மேலே கொண்டுவாருங்கள். சுருக்கத்தில் மட்டும் இருந்து உள்ளே இல்லாத செய்தி இருக்கக் கூடாது. ஐயம் வந்து உள்ளே தேடுகிறவர் அதைக் காணவில்லை என்றால் மற்ற எண்களையும் நம்பமாட்டார்.

அதே வாக்கியத்தில் இன்னொன்றும் சேர வேண்டும். இணைப்பு எண்ணிக்கை வரம்பை நெருங்கும்போது எச்சரிக்கும் ஏற்பாடு இன்று வரை இல்லை என்று பன்னிரண்டாம் பக்கத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். காரணமாக அதை மேலே போட வேண்டாம் என்றேன். மிச்சமாக அது மேலே வரத்தான் வேண்டும், ஏனென்றால் அதற்கு நேரமும் ஆளும் ஒதுக்கப்போகிறவர் சுருக்கத்தைத் தாண்டிப் படிக்கமாட்டார். பட்டியலில் இருக்கும் மற்ற ஐந்து நடவடிக்கைகளும் உள்ளேயே இருக்கட்டும்.

எல்லாவற்றையும் சேர்த்தால் இப்படி வருகிறது:

“மார்ச் 12 அன்று பிற்பகல் 2:38 முதல் 3:56 வரை, 78 நிமிடங்களாக, எங்கள் தளத்தில் 640 பேரால் பணம் செலுத்தி ஆர்டரை முடிக்க முடியவில்லை; அவர்களில் 212 பேரிடம் பணம் பிடிக்கப்பட்டும் ஆர்டர் பதிவாகவில்லை. அன்று வெளியான புதிய பதிப்பு தரவுத்தளத்துடனான இணைப்புகளை வேலை முடிந்தும் மூடாமல் விட்டதால் புதிய கோரிக்கைகளுக்கு இணைப்பு கிடைக்கவில்லை; பழைய பதிப்புக்குத் திரும்பியதும் சேவை சீரானது. 212 பேரில் 180 பேருக்குப் பணம் திரும்பிவிட்டது, 32 பேருக்கு வங்கியின் உறுதி வர வேண்டியிருக்கிறது; இணைப்புகள் தீரும் நிலையை முன்கூட்டி எச்சரிக்கும் ஏற்பாடு இன்னும் அமையவில்லை.”

உங்களுடையதைவிட இது பெரிதாகச் சிறியதல்ல, கவனித்தீர்களா? மறுதொடக்கம் போய்விட்டது. அது தோற்றுப்போன ஒரு முயற்சி. பொறியாளருக்கு அதில் பாடம் உண்டு, மேலே படிப்பவருக்கு ஒன்றுமில்லை. வெளியீட்டு நேரமும் கண்டறிந்த நேரமும் போய்விட்டன. அரைப்புள்ளி போட்டு மூன்று வாக்கியத்துக்குள் ஆறு செய்தியை அடைத்திருக்கிறேன் என்று நீங்கள் குறை சொல்லலாம், அது நியாயமும்கூட. ஆனால் இதற்கு மேல் ஏற்றக் கூடாது. நான்காவது வாக்கியத்துக்குக் கை போனால், உள்ளே இருப்பவற்றில் ஒன்றை வெளியே எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

வெளியுலகுக்கு வந்த அறிக்கைகளில் பார்க்கத்தக்க ஒன்றைச் சொல்கிறேன். 2017 ஜனவரி 31 அன்று GitLab.com தளத்தின் முதன்மைத் தரவுத்தள சர்வரிலிருந்து தரவு தவறுதலாக அழிக்கப்பட்டு, சேவை பல மணி நேரம் நின்றது. அந்த நிறுவனம் வெளியிட்ட நீண்ட அறிக்கையின் தொடக்கப் பத்தி நம் அளவைவிடச் சற்றுப் பெரிது. ஆனாலும் உள்ளே போகாமலேயே தெரிந்துவிடுகிறது: எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரையிலான தரவு திரும்பவே கிடைக்கவில்லை, மதிப்பீடாக 5,000 திட்டங்களும் 5,000 கருத்துகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன என்பதெல்லாம். அதைவிட எனக்குப் பிடித்தது, எது பாதிக்கப்படவில்லை என்பதையும் அங்கேயே சொன்னது. நிரல் களஞ்சியங்கள் அந்த நேரத்தில் எட்டாமல் இருந்தாலும், தரவு இழப்பு அவற்றைத் தொடவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தளத்தில் நிரலை வைத்திருந்த எவருக்கும் முதலில் வரும் பயம் அதுதான். இப்படி எல்லோரும் அஞ்சக்கூடிய ஒன்று நடக்கவில்லை என்றால், அதற்கு அரை வாக்கியம் கொடுப்பது தகும். உங்கள் சம்பவத்தில் அட்டை விவரங்கள் கசியவில்லை என்று எழுதலாமா என்று யோசித்தேன். வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. இணைப்புப் பற்றாக்குறையில் யாருக்கும் அந்த ஐயம் எழாது, நாமாகச் சொன்னால்தான் எழும்.

இம்முறை உங்களுக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது. தெரியாத நாளும் வரும். அப்போது இரண்டாவது வாக்கியத்தில் “காரணம் இன்னும் உறுதியாகவில்லை” என்று எழுதி, எது வேலை செய்தது என்பதைச் சேருங்கள்: “பழைய பதிப்புக்குத் திரும்பியதும் நின்றது, எனவே புதிய பதிப்பிலேயே தேடுகிறோம்.” “இருக்கலாம் எனக் கருதப்படுகிறது” என்ற வகை வாக்கியத்தில் ஓர் ஊகத்தை எழுதினால், இரண்டு கை மாறுவதற்குள் “இருக்கலாம்” உதிர்ந்து ஊகம் மட்டும் மிஞ்சிவிடும்.

மேலாளருக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். சம்பவத்தன்று விடுப்பில் இருந்த ஒருவரிடம், முடிந்தால் வேறு பிரிவுக்காரரிடம், இந்த மூன்று வாக்கியத்தை மட்டும் படிக்கக் கொடுங்கள். தாளை வாங்கிவிட்டு, எத்தனை பேருக்குப் பணம் போனது, ஏன், இன்னும் எத்தனை பேருக்குத் திரும்பவில்லை என்று கேளுங்கள். அவர் எதில் தடுமாறுகிறாரோ அந்த வாக்கியத்தைத் திருத்துங்கள். தடுமாறாமல், “அப்படியென்றால் புதிய பதிப்பு எப்போது மறுபடி வரும்” என்று அவர் உங்களையே கேட்டால் சுருக்கம் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பதில் உங்கள் அறிக்கையின் பதின்மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

32 பேரின் பணம் திரும்பியதும் மூன்றாவது வாக்கியத்தைத் திறந்து, அதை மட்டும் மாற்றி, மாற்றிய தேதியைப் பக்கத்தில் போடுங்கள். 640 அல்லது 212 பின்னால் நடந்த சரிபார்ப்பில் மாறினால் அப்படிப் பேசாமல் மாற்றக் கூடாது. பழைய எண், புதிய எண், ஏன் மாறியது என்பதை உடல்பகுதியில் எழுதிவிட்டு, சுருக்கத்தில் “திருத்தப்பட்டது” என்று குறித்து, முதலில் அனுப்பிய எல்லோருக்கும் மறுபடி அனுப்புங்கள். பழைய எண்ணை வைத்து அவர்களில் யாரோ ஏற்கெனவே தங்கள் அறிக்கையை எழுதியிருப்பார்கள்.